அரபு எழுதப் பழகுவது: கோட்டின் மேல் நிற்பது எது, கீழே இறங்குவது எது? ("சுலைமான்" என்ற பெயரை வைத்து ஒரு கேள்வி)

மோல்மின்_பாத்திமா (யாங்கோன்)

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு ஓதத் தெரியும், எழுதத் தெரியாது. மோல்மின்னில் சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் ஜபர், ஜேர், பேஷ் சொல்லி ஓதிக் காட்டினால் போதும், கையில் பென்சில் கொடுக்க மாட்டார்கள். இப்போது ஐம்பதைத் தாண்டிய பிறகு எழுதப் பழகுகிறேன். எங்கள் அத்தா மௌத்தாகிவிட்டார். அவர் ஓதிய குர்ஆனைப் பள்ளிவாசலுக்கு வக்ஃபாகக் கொடுக்கப் போகிறோம். முன்னட்டையின் உள்பக்கத்தில் அவர் பெயரை, "சுலைமான்" என்று, என் கையாலேயே எழுத வேண்டும் என்பது என் ஆசை.

இங்கிலீஷ் காப்பி எழுதுகிற நாலு கோடு நோட்டு வாங்கி எழுதிப் பார்க்கிறேன். மூன்று சிக்கல் இருக்கிறது.

சொல் இடது பக்கம் போகப் போக மேலே ஏறிவிடுகிறது. ஸீன் கோட்டில் நிற்கிறது, மீம் வருவதற்குள் கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடுகிறது.

கடைசி நூனைப் பார்த்து என் மகள் "இது பே மாதிரி இருக்கு, புள்ளிதான் மேலே போயிருக்கு" என்கிறாள்.

அலிஃபை மேலிருந்து இழுப்பதா, கீழிருந்து ஏற்றுவதா? யேயின் இரண்டு புள்ளியை அங்கேயே வைத்துவிட்டுப் போவதா, கடைசியில் வைப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வளைகுடா_ரஃபீக் (யாங்கோன்)

வஅலைக்கும் ஸலாம் அக்கா. நான் துபாயில் கடையில் கணக்கு எழுதியவன். அங்கே அரபிகள் யாரும் ஸீனுக்குப் பல் போட்டு எழுத மாட்டார்கள். ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். இரண்டு புள்ளிக்குப் பதில் ஒரு சின்னப் படுகோடு, மூன்று புள்ளிக்குப் பதில் மேலே ஒரு கூரை மாதிரி. நூனின் புள்ளியைத் தனியாக வைக்காமல் கடைசி வளைவிலேயே ஒரு கொக்கியாக முடித்துவிடுவார்கள். கோட்டில் நிற்கிறதா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, சொல் மேலே தொடங்கி இறங்கி வரும். நீங்கள் வீணாகக் கஷ்டப்படுகிறீர்கள், வேகமாக எழுதுங்கள், தானாக வந்துவிடும்.

---

கலம்_தாத்தோன் (தாத்தோன்)

லாத்தா, ரஃபீக் காக்கா சொன்னது பொய் இல்லை. அவர் பார்த்தது ருக்ஆ என்கிற எழுத்துமுறை. கடைக் கணக்கு, கடிதம், அவசரக் குறிப்பு எல்லாம் அதில்தான் எழுதுவார்கள். ஸீனின் பல்லை மழுக்குவது, புள்ளியைக் கோடாக்குவது, நூனைக் கொக்கியாக முடிப்பது எல்லாம் அந்த முறையில் சரி. ஆனால் கோட்டைப் பார்ப்பதில்லை என்பது சரியில்லை. ருக்ஆவில் சொல் மேலே தொடங்கி இறங்கி வந்தாலும், அதன் கடைசி எழுத்து கோட்டில் வந்து உட்கார வேண்டும். இறங்குகிற அளவை முன்கூட்டியே கணித்துத்தான் மேலே தொடங்குகிறார்கள். அது கை பழகினவர்கள் செய்கிற வேலை.

நீங்கள் ஓதிய குர்ஆன் நஸ்க் எழுத்து. கண்ணுக்குப் பழகியதும் அதுதான். குர்ஆன் அட்டையின் உள்ளே எழுதுவதற்கும் அதுவே பொருந்தும். அதனால் நஸ்க்கிலேயே சொல்கிறேன்.

முதலில் அந்த நாலு கோடு நோட்டை ஒதுக்கி வையுங்கள். உங்கள் சிக்கலில் பாதி அந்த நோட்டு தருவது. அதில் நடுக்கட்டம் ஆங்கிலத்தின் சின்ன எழுத்துக்கு, மேல்கட்டம் உயரமான எழுத்தின் மிச்சத்துக்கு. ஸீனின் பல்லை நடுக்கட்டம் நிறைய எழுதுவீர்கள், லாமை மேல்கட்டம் வரை ஏற்றுவீர்கள். அப்போது பல் ஒரு பங்கு, லாம் இரண்டு பங்கு. நஸ்க்கில் பல் ஒரு பங்கு என்றால் லாமும் அலிஃபும் ஐந்து பங்கு. இந்த நோட்டில் எழுதினால் பல்லெல்லாம் பெருத்து, லாம் குட்டையாகி, எது பல் எது லாம் என்று கண் தடுமாறும். உங்கள் எழுத்து அப்படி இருக்கிறதா, இல்லையா?

அந்தப் பங்கு எங்கிருந்து வருகிறது என்றால், புள்ளியிலிருந்து. பட்டையாக வெட்டிய நாணல் கலத்தைச் சாய்த்துப் பிடித்துத் தாளில் அழுத்தினால் முனையில் நிற்கிற ஒரு சதுரம் விழும். அதுதான் அளவு. அந்தப் புள்ளியை முனைக்கு முனை அடுக்கி எழுத்தின் உயரத்தை அளப்பார்கள். பாக்தாதில் அப்பாஸியரிடம் வஸீராக இருந்து 940-இல் இறந்த இப்னு முக்லாவின் பெயரோடு இந்த அளவுமுறையைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். நஸ்க்கில் அலிஃப் ஐந்து புள்ளி என்பது நான் படித்த கணக்கு. நாலு அல்லது நாலரை என்று கற்பிக்கிற உஸ்தாதுகளும் உண்டு. ஒன்றைப் பிடித்தால் பக்கம் முழுக்க அதையே பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பென்சிலுக்குப் புள்ளி அளவு கிடையாது. அதனால் கட்டம் போட்ட கணக்கு நோட்டை வாங்குங்கள். ஒரு கட்டம் ஒரு புள்ளி. ஒரு கோட்டைப் பேனாவால் தடிப்பாக்கி அதை அடிக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஐந்து கட்டம், கீழே மூன்று கட்டம் விடுங்கள். எழுதும் முறையை அடுத்த பதிவில் எழுதுகிறேன், இஷா பாங்கு சொல்லிவிட்டார்கள்.

---

பெகு_போர்டுகாரர் (பெகு)

அக்கா, நான் போர்டு எழுதுகிறவன். பர்மீயம், தமிழ், ஆங்கிலம் எழுதுவேன். பிரியாணிக் கடைக்கு "ஹலால்" என்று அரபியில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள், எழுதியும் தருகிறேன். நான் அரபு படித்தவன் இல்லை. மாதிரியைப் பெரிதாக்கி அச்சடித்து, பின்பக்கம் கரியைத் தேய்த்து, பலகையில் வைத்துக் கோட்டின் மேலேயே அழுத்தி எடுத்துப் பெயிண்ட் நிரப்புவேன். எந்தப் பக்கம் தொடங்கினாலும் ஒன்றுதான், வரிசை என்று ஒன்றும் தேவையில்லை. உங்களுக்கும் ஒரு பெயர்தானே வேண்டும்? அச்சடித்து அதன் மேல் வரைந்துவிடலாம். ஒரு கோட்டில் எல்லா எழுத்தையும் நிற்க வைத்தால் தானே நேராக இருக்கும்.

---

கலம்_தாத்தோன் (தாத்தோன்)

அண்ணே, ஓரம் வரைந்து உள்ளே நிரப்புகிற வேலைக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பெயிண்டுக்கு வரிசை கிடையாது. பேனாவுக்கு உண்டு. பேனா போன வழிதான் கோடு. வழி மாறினால் சேருகிற இடம் முடிச்சாகும், வளைய வேண்டிய இடம் உடையும்.

எல்லா எழுத்தும் கோட்டின் மேல் நிற்கும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அரபியில் சில எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவதே கோடுதான். பேயும் நூனும் இரண்டும் கிண்ணம். பே கோட்டின் மேல் படுத்திருக்கிற ஆழமில்லாத, அகலமான கிண்ணம். நூன் ஆழமானது, அதன் வயிறு கோட்டுக்குக் கீழே இருக்கும். லாத்தாவின் மகள் கண்டுபிடித்தது இதைத்தான். நூனை அவர் கோட்டின் மேல் உட்கார வைத்திருப்பார். வயிறு இறங்க இடமில்லாமல் தட்டையாகி, பேயின் உருவம் வந்திருக்கும்.

தாலும் றேயும் அப்படித்தான். தால் கோட்டில் முட்டி மடங்கி நிற்கும். றே கோட்டைத் தாண்டிச் சரிந்து இறங்கும். தாலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் படிக்கிறவர் றே என்றுதான் படிப்பார், அவர் மேல் தப்பில்லை. சொல்லின் கடைசியில் வருகிற ஃபேயையும் பெரிய காஃபையும் பாருங்கள். ஃபேயின் வால் கோட்டிலேயே படுக்கும், காஃபின் வால் கீழே குழியும். புள்ளி ஒன்றா இரண்டா என்று பார்ப்பதற்கு முன்பே பழகிய கண் அந்த வாலைப் பார்த்து முடிவு செய்துவிடும்.

இனி "சுலைமான்". பென்சிலைக் கட்ட நோட்டில் வையுங்கள், லாத்தா.

வலப்பக்கம் அடிக்கோட்டுக்கு ஒரு கட்டம் மேலே தொடங்கி, கோட்டைத் தொடும்வரை இறங்குங்கள். திரும்ப ஒரு கட்டம் ஏறி இறங்குங்கள். இன்னொரு முறையும் அப்படியே. இதோடு ஸீனின் மூன்று பல் முடிந்தது. ஒவ்வொரு முறையும் கோட்டைத் தொட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். பிறகு கோட்டிலேயே ஒரு கட்டம் இடது பக்கம் நகருங்கள்.

அங்கிருந்து பென்சிலை எடுக்காமல் ஐந்து கட்டம் மேலே ஏறி, ஏறிய வழியிலேயே இறங்குங்கள். அது லாம். ஏறின கோடும் இறங்கின கோடும் விலகினால் நடுவில் ஒரு கண் திறந்துவிடும். அது விழக் கூடாது. கோட்டுக்கு வந்ததும் ஒரு கட்டம் நகர்ந்து ஒரு பல் ஏறி இறங்குங்கள். அதுதான் யே, இப்போதைக்குப் புள்ளி இல்லாமல். பிறகு ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற சின்ன முடிச்சு, அது மீம். மீம் முடிந்ததும் கோட்டில் கொஞ்சம் நகர்ந்து ஐந்து கட்டம் மேலே ஏறி நிறுத்துங்கள். அதுதான் அலிஃப். உங்கள் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. தனியாக நிற்கிற அலிஃபை மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். முன் எழுத்தோடு சேர்ந்து வருகிற அலிஃபைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும்.

இங்கேதான் முதல் தடவையாகப் பென்சிலை எடுக்கிறீர்கள். அலிஃப் தன் இடப்பக்கத்து எழுத்தோடு சேராது. தால், அதன் புள்ளி வைத்த ஜோடி, றே, அதன் புள்ளி வைத்த ஜோடி, வாவ் ஆகியவையும் இப்படித்தான், மொத்தம் ஆறு. அதனால் நூன் தனியாக நிற்கும். ஒரு கட்டம் இடம் விட்டு, கோட்டுக்கு ஒரு கட்டம் மேலே தொடங்கிக் கோட்டைத் தாண்டி இறங்குங்கள். இரண்டு கட்டம் ஆழம் போய் வளைந்து, மறுபக்கம் கோட்டின் உயரத்துக்குத் திரும்புங்கள். வாயின் அகலம் மூன்று கட்டம்.

எலும்புக்கூடு முடிந்த பிறகு புள்ளி. யேயின் பல்லுக்கு நேர் கீழே, கோட்டுக்கு அடியில் இரண்டு. நூனின் வாய்க்கு நடுவில் ஒன்று. ஜபர், ஜேர் போட வேண்டுமானால் அது இன்னும் பிறகு.

---

பாஸீன்_நானா (பாஸீன்)

புள்ளே, இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் உம்மும்மா கையால் எழுதிய அரபுத்தமிழ் நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. தமிழ்தான், எழுத்து அரபு. அதில் அரபியில் இல்லாத எழுத்தெல்லாம் வருகிறது. றேயின் மேலும் கீழும் கூடுதல் புள்ளி போட்ட மாதிரித் தெரிகிறது. நீங்கள் எழுதுவது அரபுத்தமிழ் என்றால் அந்த எழுத்துக்கும் கோட்டு அளவு உண்டா? அந்த நோட்டைப் படித்துத் தர ஆள் யாராவது யாங்கோனில் இருக்கிறார்களா?

---

மோல்மின்_பாத்திமா (யாங்கோன்)

நானா, நான் எழுதுவது அரபுதான், பெயர் மட்டும். ஆனால் எங்கள் பெரியம்மாவும் அரபுத்தமிழில் கடிதம் எழுதுவார்கள். நோட்டைப் பத்திரமாக வையுங்கள், கறையான் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்தவர் இருந்தால் விசாரித்துச் சொல்கிறேன்.

தம்பி, கட்ட நோட்டில் எழுதிப் பார்த்தேன். லாம் இவ்வளவு உயரமா என்று முதலில் கை நம்பவில்லை. எழுதி முடித்துப் பார்த்தால் குர்ஆனில் இருக்கிற சாயல் கொஞ்சம் வருகிறது. நூனும் நூனாகவே இருக்கிறது, மகள் ஒத்துக்கொண்டாள்.

மேலே ஏறுவது மட்டும் நிற்கவில்லை. கட்டம் இருந்தும் யே வருவதற்குள் அரைக் கட்டம் ஏறிவிடுகிறேன். இது வயதான கை செய்கிற வேலையா?

---

கலம்_தாத்தோன் (தாத்தோன்)

வயசு காரணம் இல்லை, லாத்தா. சொல் ஏறுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எது என்று உங்கள் தாளே சொல்லும்.

எழுதின சொல்லின் அடியில், ஸீனின் முதல் பல் தொட்ட இடத்திலிருந்து இடது பக்கமாக ஒரு அடிக்குச்சியை வையுங்கள். எழுத்தின் அடிப்பாகம் எப்படி விலகுகிறது என்று பாருங்கள். பல்லுக்குப் பல், எழுத்துக்கு எழுத்து படிப்படியாக ஏறியிருந்தால், ஏறுகிற ஒவ்வொரு முறையும் முழுசாக இறங்காமல் விடுகிறீர்கள். ஒரு கட்டம் ஏறி முக்கால் கட்டம் இறங்கினால் கால் கட்டம் மிச்சம். அடுத்த பல் அந்த மிச்சத்திலிருந்து தொடங்கும். இரண்டு ஏற்றத்திலேயே அரைக் கட்டம் போய்விடும். இதற்கு மருந்து, ஏறுவதை மெதுவாகவும் இறங்குவதை அழுத்தமாகவும் செய்வது. ஒரு பக்கம் முழுக்க ஸீன் பல்லை மட்டும் சேர்த்துச் சேர்த்து எழுதுங்கள், வேறு எழுத்து வேண்டாம். ஒவ்வொரு பல்லின் அடியும் தடிப்புக் கோட்டில் பட்டு ஒரு சின்ன அழுத்தம் தெரிய வேண்டும்.

படி இல்லாமல் சொல் முழுவதும் ஒரே சாய்வாகச் சரிவு மாதிரி ஏறியிருந்தால், காரணம் தாள். தமிழ் எழுதும்போது வலக்கைக்காரர்கள் பலரும் தாளின் மேல்பாகத்தை இடது பக்கம் சாய்த்து வைக்கிறோம். அப்போது கோட்டின் வலது முனை மேலேயும் இடது முனை கீழேயும் இருக்கும். தமிழுக்கு அது கைக்கு வாகு. அரபிக்கு வலது முனையில் தொடங்கி இடது பக்கம் போகிறோம். கை மேசைக்கு நேராகப் போகும், கோடு கீழே இறங்கிக்கொண்டிருக்கும். எழுத்து கோட்டை விட்டு மேலே நிற்பதில் என்ன ஆச்சரியம்? தாளை நேராக வையுங்கள். சொல் நீளமாகப் போனால் கையை நீட்டாமல் இடது கையால் தாளை வலது பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

---

மோல்மின்_பாத்திமா (யாங்கோன்)

குச்சி வைத்துப் பார்த்தேன். படிதான். லாமுக்குப் பிறகு வருகிற படி மற்றதைவிடப் பெரிசு.

---

கலம்_தாத்தோன் (தாத்தோன்)

அதுதான் நடக்கும். ஐந்து கட்டம் ஏறின கை இறங்கும்போது சலித்து நாலரையில் திரும்பிவிடுகிறது. லாமின் அடியில் ஒரு கணம் நிறுத்துங்கள், வளைத்துக்கொண்டு போகாதீர்கள். நின்று, கோட்டில் இருக்கிறோமா என்று பார்த்துவிட்டு யேக்குப் போங்கள். பழகின பிறகு அந்த நிறுத்தம் தானாக மறைந்துவிடும்.

---

யமுனா_மாண்டலே (மாண்டலே)

நான் இடதுகைக்காரி. பக்கத்து வீட்டில் அரபு வகுப்பு நடக்கிறது, பெண்களுக்குத் தனியாக. மொழிகள் பிடிக்கும் என்பதால் போகிறேன். இந்த எழுத்து எனக்கு வலக்கைக்காரர்களைவிடச் சுலபமாக இருக்கிறது. தமிழ் எழுதும்போது கை எழுதின மையின் மேலேயே போய்ப் பூசிவிடும். அரபியில் என் கை எழுதாத வெள்ளைத் தாளின் மேல் இருக்கிறது, மை கலைவதே இல்லை. அதனால் தாளை எப்படி வைத்தால் என்ன என்று நினைக்கிறேன்.

வகுப்பில் சொல்லித்தருகிறவர் யேயின் புள்ளியை அங்கேயே வைக்கச் சொல்கிறார், கடைசியில் வைத்தால் மறந்துவிடும் என்கிறார். இங்கே வேறு மாதிரிச் சொல்கிறீர்களே?

---

கலம்_தாத்தோன் (தாத்தோன்)

யமுனா அக்கா, பென்சிலுக்கும் பால்பாயிண்டுக்கும் நீங்கள் சொல்வது சரி. பட்டைக் கலம் எடுக்கும்போது கவனம் வேண்டும். எழுத்தில் தடிப்பும் மெலிவும் கலத்தின் வெட்டுச் சாய்விலிருந்து வருகிறது. அந்தச் சாய்வு வலக்கைக்கு என்று வைத்தது. இடக்கையில் பிடித்தால் தடிக்க வேண்டிய இடம் மெலியும். இடக்கைக்காரர்கள் சிலர் வெட்டை மாற்றிக்கொள்கிறார்கள், சிலர் தாளைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் இடக்கையால் எழுதிப் பழகியவன் இல்லை, எது உங்களுக்கு நல்லது என்று கைவசம் பதில் இல்லை.

புள்ளி விஷயத்தில், சொல்லின் நடுவில் நிறுத்திப் புள்ளி வைத்தால் கோடு அறுபடும். திரும்பத் தொடங்குகிற இடம் கால் கட்டமாவது விலகும். சேர்ந்த துண்டு முடிந்ததும் வைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. "சுலைமான்" என்றால் அலிஃப் வரை எழுதி, யேயின் புள்ளியை வைத்துவிட்டு நூனுக்குப் போவது. சொல் முழுவதும் முடித்துவிட்டு வைப்பதும் உண்டு. நான் சொல் முடிந்த பிறகு வைக்கிறவன். இரண்டிலும் எழுத்து கெடாது.

---

வளைகுடா_ரஃபீக் (யாங்கோன்)

துண்டு முடிந்ததும் வைப்பதுதான் நல்லது என்பேன். நீளமான சொல்லில் கடைசிக்குப் போய்விட்டுத் திரும்பினால் எந்தப் பல்லுக்கு எந்தப் புள்ளி என்று குழம்பும். நாலு பல் வரிசையாக நின்றால் அரபிக்கே குழம்பும்.

---

கலம்_தாத்தோன் (தாத்தோன்)

காக்கா, நாலு பல் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு எழுதுகிறவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "பிஸ்மி"யைப் பாருங்கள். பேயின் பல்லும் ஸீனின் மூன்று பல்லும் ஒரே உயரமாக இருந்தால் நாலு பல் வரிசையாகிவிடும். அதனால் பேயின் பல்லை நன்றாக உயர்த்தி, ஸீன் எங்கே தொடங்குகிறது என்று காட்டிவிடுவார்கள். புள்ளி இல்லாமலே படிக்கலாம்.

---

மோல்மின்_பாத்திமா (யாங்கோன்)

இன்னொன்று கேட்க வேண்டும். அத்தாவின் முழுப் பெயர் முஹம்மது சுலைமான். "முஹம்மது" எழுதப் போனேன். குர்ஆனில் அந்தப் பெயர் வருகிற இடத்தைப் பார்த்தால் முதல் மீம் கோட்டிலேயே இல்லை. மேலே தொங்குகிறது, ஹே அதற்குக் கீழே வருகிறது. போனில் தட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறது. எதைப் பார்த்து எழுதுவது?

---

பெகு_போர்டுகாரர் (பெகு)

போனில் வருவதுதான் சரியாக இருக்கும் அக்கா. எனக்கும் கடைக்காரர்கள் போனில்தான் அனுப்புகிறார்கள்.

---

கலம்_தாத்தோன் (தாத்தோன்)

போனில் வருவதும் தப்பில்லை அண்ணே, படிக்க முடியும். சில அச்செழுத்துகளில் எல்லா எழுத்தையும் ஒரே கோட்டில் கோத்துவிடுவார்கள், அது எளிது. கையால் எழுதும் நஸ்க்கில் ஜீம், ஹே, கே இந்த மூன்றுக்கும் தலை ஒரு சாய்ந்த கோடு. முன்னால் வருகிற எழுத்து அந்தத் தலையின் மேல் வந்து இறங்கும். பக்கத்தில் வந்து முட்டினால் ஹேயின் தலை உடைந்துபோகும். அதனால் முதல் மீம் மேலே நிற்கிறது.

எழுதும்போது சிக்கல் எங்கே வருமென்றால், மீமைக் கோட்டில் தொடங்கிவிட்டு ஹேயை அதற்குக் கீழே எழுதினால் ஹேயும் பிறகு வருகிற எல்லாமும் கோட்டுக்குக் கீழே போய்விடும். தால் கோட்டுக்கு அடியில் நின்றால் மேலே சொன்னபடி அது றேயாகிவிடும். ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். தால் கோட்டில் நிற்க வேண்டும். அதற்கு முன் வருகிற மீமும் கோட்டில். ஹேயின் உடம்பு முடிந்து மீமோடு சேருகிற இடமும் கோடு. ஹேயின் தலை அதற்கு ஒன்றரை, இரண்டு கட்டம் மேலே. முதல் மீம் அதற்கும் மேலே. கட்ட நோட்டில் மூன்று கட்டம் உயரத்தில் மீமைத் தொடங்கிப் பாருங்கள். தால் கோட்டுக்கு மேலே நின்றால் அரைக் கட்டம் குறையுங்கள், கீழே போனால் கூட்டுங்கள். உங்கள் கை எவ்வளவு இறங்குகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதனால் இந்த அளவை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

"அல்ஹம்து" எழுதும்போதும் அப்படித்தான், லாம் ஹேயின் தலையில் மேலிருந்து வந்து சேரும். லாம் உயரமான எழுத்து என்பதால் அங்கே கஷ்டம் தெரியாது, மீமில்தான் தெரியும்.

---

யமுனா_மாண்டலே (மாண்டலே)

மீமின் முடிச்சை எந்தப் பக்கம் சுற்றுவது? எங்கள் வகுப்பில் கோட்டுக்கு மேலே சுற்றுகிறோம். எங்கள் புத்தகத்தில் சில இடத்தில் கோட்டுக்குக் கீழே தொங்குகிறது.

---

வளைகுடா_ரஃபீக் (யாங்கோன்)

துபாயில் கீழே தொங்கவிட்டு எழுதுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

---

கலம்_தாத்தோன் (தாத்தோன்)

இரண்டும் கைகளில் உண்டு. என் உஸ்தாத் முன்னால் வருகிற எழுத்தைப் பார்த்து மாற்றுவார். நானும் அதைப் பார்த்துத்தான் செய்கிறேன், விதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பக்கத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். வேறு யாருக்காவது தெளிவாகத் தெரிந்தால் எழுதுங்கள்.

---

மோல்மின்_பாத்திமா (யாங்கோன்)

முஹம்மது வந்துவிட்டது. என் கைக்கு இரண்டரைக் கட்டம்தான் சரி, மூன்றில் தொடங்கினால் தால் மேலே நின்றுவிடுகிறது.

குர்ஆன் அட்டையில் கட்டம் கிடையாதே. எந்த அளவில் எழுதுவது? பென்சிலா, பேனாவா?

---

கலம்_தாத்தோன் (தாத்தோன்)

கட்டம் அரை சென்டிமீட்டர் என்றால் உங்கள் அலிஃப் இப்போது இரண்டரை சென்டிமீட்டர். அட்டைக்கு அது பெரிசு. நேராக அட்டைக்குப் போகாமல் சாதாரணக் கோடு போட்ட நோட்டில் ஒரு நிலை இறங்குங்கள். கோட்டுக்குக் கோடு எட்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலிஃப் மேல் கோட்டைத் தொட்டால் ஒரு பங்கு 1.6 மில்லிமீட்டர். நூன் இரண்டு பங்கு இறங்கினால் 3.2 மில்லிமீட்டர் கீழே போகும். அடுத்த வரியின் அலிஃபோடு மோதும். அதனால் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள்.

எனக்கு அட்டைக்குப் பிடித்த வழி, பட்டை முனை மார்க்கர். முனை இரண்டு மில்லிமீட்டர் என்றால், சாய்த்து வைத்த புள்ளியின் உயரம் முனைக்கு முனை ஏறக்குறைய 2.8. அலிஃப் ஐந்து புள்ளி, 14 மில்லிமீட்டர். பெயர் ஒரு வரியில் அழகாக அடங்கும். ஆனால் மார்க்கர் மை பழைய தாளில் ஊறி மறுபக்கம் தெரியலாம். முன்னட்டையின் உள்பக்கம் என்றால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து உலர விட்டுப் பாருங்கள். ஊறினால் அந்த அட்டைக்கு மார்க்கர் வேண்டாம். தனித் தாளில் எழுதி ஒட்டலாம்.

அடிக்கோட்டை மெல்லிய பென்சிலால் போட்டு, தால் நிற்கிற இடத்தையும் முதல் மீம் தொடங்குகிற உயரத்தையும் புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மார்க்கரில் இன்னொரு விஷயம். லாமை ஏறி இறங்கி எழுதினால் கோடு இரட்டித்துத் தடிக்கும். மார்க்கரை எடுத்து, லாமை மேலிருந்து ஒரே இழுப்பில் கோட்டுக்கு இறக்குங்கள். ஸீனின் கடைசிக் கோட்டில் சரியாக வந்து சேர வேண்டும், அதைத் தனியாகப் பழக வேண்டும்.

---

பெகு_போர்டுகாரர் (பெகு)

தம்பி, என் "ஹலால்" போர்டைப் பற்றி ஒன்று சொல்லுங்கள். லாமும் அலிஃபும் சேர்கிற இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற மாதிரி மாதிரியில் இருக்கிறது. பெயிண்ட் நிரப்பும்போது அந்த நடு இடத்தை அடைத்துவிட்டேன், பார்க்க நன்றாக இருந்தது. கடைக்கு வந்த ஒரு பெரியவர் "லாமலிஃப் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

---

கலம்_தாத்தோன் (தாத்தோன்)

அந்த வெற்றிடம்தான் அண்ணே எழுத்து. லாமும் அலிஃபும் இரண்டு தனி இழுப்பு, இரண்டும் அடியில் சேர்ந்து மேலே பிரியும். நடுவில் இருக்கிற இடத்தை அடைத்தால் இரண்டு கோடு என்பதே தெரியாமல் ஒரு தடித்த குச்சியாகிவிடும். வெள்ளைப் பெயிண்டால் அந்த இடத்தைத் திறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிற கடைசி லாம் தனியாக நிற்க வேண்டும், அதன் வயிறு நூன் மாதிரிக் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். மாதிரியில் அப்படி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

பெகு_போர்டுகாரர் (பெகு)

மாதிரியில் இறங்கியிருக்கிறது. போர்டில் கீழே இடம் பற்றாமல் நான்தான் வெட்டி நேராக்கியிருக்கிறேன். அடுத்த போர்டில் கீழே இடம் விட்டே அளவு எடுக்கிறேன். இதற்கு எத்தனை பங்கு விட வேண்டும்?

---

கலம்_தாத்தோன் (தாத்தோன்)

மேலே ஐந்து என்றால் கீழே மூன்று விடுங்கள். வயிறு இரண்டு பங்கு இறங்கும், ஒரு பங்கு போர்டின் ஓரத்துக்கு.